சர்வீஸ் சீட்டில் யார் கையெழுத்து?
மட்டாஞ்சேரி அடுக்ககச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்



பஜார் ரோட்டு மசாலாக் கிடங்குகளும் யூதத் தெருவின் ஓட்டுக் கூரைகளும்தான் மட்டாஞ்சேரி என்று வெளியூர்க்காரர்கள் இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஊர் மேலே ஏறிவிட்டது. துருத்தியில் குடிசைகளிலும் ஒற்றை அறைகளிலும் இருந்த 394 குடும்பங்களுக்காக எழுப்பப்பட்ட இரட்டைக் கோபுரங்கள் 2025 செப்டம்பரில் திறக்கப்பட்டன. அதற்கு முன்பே தனியார் ஃபிளாட்டுகள் ஆங்காங்கே வந்துவிட்டன. பத்து மாடி ஏறி இறங்க லிஃப்ட்டை நம்பியிருக்கும் குடும்பங்கள் இப்போது இங்கே ஏராளம். அந்த லிஃப்ட் பழுதாகி ஒருவருக்கு அடிபட்டால் பொறுப்பு யாருடையது என்பதே இந்த மடலின் பொருள். பல சங்கங்களில் இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கிறது: “ஏ.எம்.சி. கொடுத்திருக்கிறோமே, கம்பெனி பார்த்துக்கொள்ளும்.” இந்தப் பதில் சட்டத்தின் முன் எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்க்கலாம்.

முதலில் நொய்டா. 2023 ஆகஸ்ட் 3 அன்று உத்தரப் பிரதேசத்தின் நொய்டா, 137-வது செக்டாரில் உள்ள பாரஸ் டியேரா குடியிருப்பில் லிஃப்ட் பழுதாகி, அதில் இருந்த எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி உயிரிழந்தார். போலீஸ் பதிவு செய்த வழக்கில் பராமரிப்பு நிறுவனத்தைச் சேர்ந்தவர்களோடு அடுக்கக உரிமையாளர் சங்கத்தின் நிர்வாகிகளும் சேர்க்கப்பட்டார்கள். சம்பளம் வாங்காமல், மாலையில் வேலைவிட்டு வந்து கூட்டம் நடத்தி, குடியிருப்பவர்களின் திட்டையும் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் காவல் நிலையத்தில் விளக்கம் சொல்ல வேண்டிய நிலை. அதற்கடுத்த ஆண்டு உத்தரப் பிரதேசம் லிஃப்ட்டுகளுக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தது. பதிவு கட்டாயம், ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் கட்டாயம், ஆளை மீட்கும் ஒத்திகை ஆண்டுக்கு இருமுறை என்பதெல்லாம் அந்தச் சட்டத்தில் உண்டு.

கேரளம் இதில் பின்தங்கியிருக்கவில்லை. பம்பாயில் 1939-இலும் தமிழ்நாட்டில் 1997-இலும் வந்ததைப் போல, இங்கே 2013-இல் கேரள லிஃப்ட், எஸ்கலேட்டர் சட்டம் வந்தது. உரிமம் வழங்குவது எலக்ட்ரிக்கல் இன்ஸ்பெக்டரேட். ஆனால் உரிமம் என்பது ஒருமுறை வாங்கிச் சட்டகம் போட்டு மாட்டிவைக்கும் காகிதமல்ல. புதுப்பிக்காமல் விட்ட உரிமத்தோடு ஓடும் லிஃப்ட்டில் ஒரு விபத்து நடந்தால், பழுது எதனால் வந்தது என்ற கேள்விக்குப் போவதற்கு முன்பே சங்கம் பாதி தோற்றுவிட்டது.

இனி சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது? இரண்டு தீர்ப்புகளை அருகருகே வைத்துப் படித்தால் தெளிவு பிறக்கும்.

ஒன்று இங்கிலாந்தின் ஹேசல்டைன் வழக்கு, 1941. அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் குடியிருந்த ஒருவரைப் பார்க்க வந்தவர் லிஃப்ட்டில் ஏறினார். நீரழுத்தத்தில் இயங்கும் பழைய வகை லிஃப்ட் அது. கிணற்றின் அடிவரை விழுந்து அவருக்கு அடிபட்டது. முந்தைய நாள்தான் பராமரிப்பு நிறுவனத்தின் ஆள் வந்து பழுது பார்த்துவிட்டுப் போயிருந்தார். அந்த வேலையில் பிழை இருந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்தைப் பொறுப்பாக்கியது, கட்டட உரிமையாளரை விட்டுவிட்டது. லிஃப்ட் என்பது சாதாரண ஆளுக்குப் புரியாத இயந்திரம். தேர்ந்த பொறியாளர்களிடம் அதை ஒப்படைத்தவர் தன் கடமையைச் செய்துவிட்டார் என்பது அங்கே ஏற்றுக்கொள்ளப்பட்ட வாதம். நம் சங்கங்கள் சொல்லும் “ஏ.எம்.சி. கொடுத்திருக்கிறோமே” என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.

மற்றொன்று நம் நாட்டுத் தீர்ப்பு. டெல்லி சாந்தினி சௌக்கின் மணிக்கூண்டு 1951-இல் இடிந்து விழுந்து ஆட்கள் இறந்தார்கள். கூண்டு நகராட்சிக்குச் சொந்தம். அந்த வகைக் கட்டுமானத்தின் ஆயுள் 40, 45 ஆண்டுகள். கூண்டுக்கு வயது 80. உள்ளே எவ்வளவு உளுத்திருந்தது என்பது வெளியே தெரியவில்லை என்றது நகராட்சி. 1966-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பொதுவழியை ஒட்டிய கட்டடத்தின் உரிமையாளர், கண்ணுக்குத் தெரியும் குறைக்கும் தெரியாத குறைக்கும் பொறுப்பு என்றது. தானாக நடக்கக்கூடாத ஒன்று நடந்துவிட்டால், அந்த நிகழ்வே அலட்சியத்துக்குச் சாட்சி சொல்லும். அப்படி இல்லை என்று காட்ட வேண்டியவர் உரிமையாளர்.

மணிக்கூண்டுத் தீர்ப்பு தெருவில் போகிறவரைப் பற்றியது, லிஃப்ட்டில் ஏறுகிறவரைப் பற்றியதல்ல என்று ஒரு வழக்கறிஞர் வாதிடலாம். நியாயமான வாதம்தான். ஆனால் இங்குள்ள நீதிபதியின் மனத்தில் எது முதலில் வரும் என்பதில் அதிகம் சந்தேகப்பட வேண்டாம். தரைத்தளத்தில் நின்றிருக்க வேண்டிய லிஃப்ட் கதவு திறந்திருக்கவே மேலே கிளம்பியது என்றால், ஏன் கிளம்பியது என்று சொல்ல வேண்டியவர் அடிபட்டவர் அல்ல. கடிவாளம் கையில் இருந்தவர்தான் சொல்ல வேண்டும்.

ஹேசல்டைன் தரும் கவசத்துக்குள்ளும் ஒரு ஓட்டை இருக்கிறது. தேர்ந்தவரிடம் ஒப்படைத்தவர் தப்பிக்கிறார், சரி. ஆனால் அந்தத் தேர்ந்தவர், “இது பழுது, மாற்றுங்கள்” என்று எழுதிக் கொடுத்த பிறகும் மாற்றாதவர்?

இங்கேதான் சர்வீஸ் சீட்டு வருகிறது. மாதம் ஒருமுறை லிஃப்ட் கம்பெனியின் டெக்னீஷியன் வருகிறார். அரை மணி, முக்கால் மணி வேலை. போகும்போது கார்பன் தாள் வைத்த புத்தகத்தில் எழுதி, கேட்டில் இருக்கும் வாட்ச்மேனிடம் கையெழுத்து வாங்குகிறார். ஒரு பிரதி மேசை இழுப்பறைக்குள் போகிறது. “ரோப் துரு. மூன்றாவது மாடி டோர் லாக் காண்டாக்ட் மாற்ற வேண்டும். கஸ்டமருக்குத் தெரிவிக்கப்பட்டது.” இந்த மூன்று வரியும் அந்தத் தாளில் இருக்கும். எந்த கஸ்டமருக்கு? சட்டத்தின் கண்ணில் சங்கத்துக்கு. வாட்ச்மேன் சங்கத்தின் ஆள். அவர் வாங்கிக்கொண்ட அறிவிப்பு சங்கம் வாங்கிக்கொண்ட அறிவிப்பு. செயலாளர் அதைப் படித்தாரா இல்லையா என்பது அவருக்கும் வாட்ச்மேனுக்கும் இடையிலான விஷயம். அதோடு கம்பெனி ஒரு கொட்டேஷனும் அனுப்பியிருக்கும். பொதுக்குழுவில் அது வாசிக்கப்பட்டு, பெயின்ட் செலவு முடியட்டும் என்று அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போயிருக்கும். மினிட்ஸ் புத்தகத்தில் அந்த முடிவும் பதிவாகியிருக்கும். வழக்கு என்று வந்தால் கம்பெனியின் வக்கீல் முதலில் எடுத்து நீட்டுவது அந்தச் சீட்டின் இன்னொரு பிரதியைத்தான். அது அவர்களிடம் பத்திரமாக இருக்கும்.

எந்தப் பழுது ஆளை அடிக்கிறது என்று தெரிந்தால் எந்த வரியைப் படிக்க வேண்டும் என்பதும் புரியும். கயிறு அறுந்து விழுவது சினிமாவில்தான் அதிகம். லிஃப்ட்டுக்குப் பல கயிறுகள். வேகம் எல்லை மீறினால் கவர்னர் அதைப் பிடித்து, பெட்டியைத் தண்டவாளத்தோடு கவ்வவைக்கும். எலிஷா ஓட்டிஸ் 1850-களில் நியூயார்க்கில் கயிற்றை வெட்டிக் காட்டியதிலிருந்து பெட்டியைக் கவ்விப் பிடிக்கும் ஏற்பாடு இருக்கிறது. அடிபடுவது பெரும்பாலும் கதவருகில். வெளிக்கதவின் பூட்டில் ஒரு மின்தொடுப்பு உண்டு. கதவு முழுக்க மூடிப் பூட்டினால்தான் மின்சாரம் பாய்ந்து லிஃப்ட் நகரும். அது துருப்பிடித்து அடிக்கடி லிஃப்ட் நின்றுவிட்டால், பழுதைக் கண்டுபிடிக்க டெக்னீஷியன் ஒரு துண்டு ஒயரால் அந்தத் தொடுப்பைக் கடந்து இணைப்புக் கொடுப்பார். ஜம்பர் என்பார்கள். வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். எடுக்க மறந்தாலோ, பாகம் வரும்வரை ஓடட்டும் என்று விட்டாலோ, கதவு திறந்திருக்கும்போதே பெட்டி நகரும். பெட்டி போன பிறகும் அந்த மாடியில் கதவு திறந்தே கிடக்கும். இதைக் கண்டுபிடிக்கப் பொறியியல் படிப்பு தேவையில்லை. லிஃப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது வெளிக்கதவை இழுத்தால் அது திறக்கவே கூடாது. லேசாக அசைந்தாலும் லிஃப்ட் உடனே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு கம்பெனியைக் கூப்பிடுங்கள்.

அடுத்தது பிரேக். பெட்டியின் எதிரெடை, காலிப் பெட்டியின் எடையோடு முழுச் சுமையில் ஏறக்குறைய பாதியும் சேர்ந்த அளவுக்கு இருக்கும். ஆகவே பிரேக் தேய்ந்துபோன லிஃப்ட்டில் ஒன்றிரண்டு பேர் மட்டும் இருந்தால் அது கீழே விழாது, மேலே போகும். நெருக்கமாக ஆட்கள் நின்றால் கீழே இறங்கும். பழைய லிஃப்ட்டுகளின் கவ்வி கீழ்நோக்கிய வேகத்துக்கு மட்டும் செய்யப்பட்டது; மேலே ஓடும் பெட்டியை அது தடுக்காது. பிரேக் தேயத் தொடங்கியதன் முதல் அடையாளம் சின்னதுதான். பெட்டி தரைக்கு இரண்டு விரல்கடை மேலே அல்லது கீழே நிற்கும். குழந்தைகள் தாண்டிக் குதிப்பார்கள், வயதானவர்கள் தடுக்கி விழுவார்கள். “பழகிப்போச்சு” என்று சொல்லும் ஃபிளாட்டில்தான் இடுப்பெலும்பு முறிகிறது.

மட்டாஞ்சேரிக்கென்றே ஒரு சங்கடம் இருக்கிறது. கடற்காற்றின் உப்பு அந்தத் தொடுப்புகளைச் சீக்கிரம் தின்கிறது. அதைவிட, மேற்குக் கொச்சியில் வேலியேற்றத்தின்போது தரைமட்டத்துக்கு வரும் தண்ணீர் லிஃப்ட்டின் அடிக்கிணற்றில் இறங்கித் தங்குகிறது. அந்தக் குழி தரைத்தளத்துக்கும் கீழே ஆள் இடுப்புக்கு மேலான ஆழம். பெட்டி விழுந்தால் தாங்கும் பஃபர் அங்கேதான் இருக்கிறது. கவர்னர் கயிற்றை இழுத்துப் பிடிக்கும் எடையும் அங்கேதான். அந்த எடை உப்புத் தண்ணீரில் ஊறித் துருவேறினால் கவர்னர் கயிறு தொய்ந்துவிடும். தேவையான நொடியில் கவ்வி வேலை செய்யுமா என்பது கேள்விக்குறி. ஒவ்வொரு வேலியேற்றத்துக்குப் பிறகும் குழியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் உங்கள் ஆளை இறக்கிவிடாதீர்கள். பார்ப்பது டெக்னீஷியனின் வேலை, லிஃப்ட்டை நிறுத்திய பிறகு.

இப்போது பணம். கேரள அடுக்கக உரிமைச் சட்டம் 1983-இன்படி லிஃப்ட் பொது வசதிகளில் ஒன்று. ஒவ்வொரு ஃபிளாட்காரருக்கும் அதில் பிரிக்கமுடியாத பங்கு உண்டு. அடிபட்டவர் ஃபிளாட்காரர் என்றால் அவரும் அந்த லிஃப்ட்டுக்குப் பங்காளிதான். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 24 ஃபிளாட்டுகள் உள்ள கட்டடத்தில், இடுப்பெலும்பு முறிந்த ஃபிளாட்காரர் ஒருவருக்குச் சங்கம் 12 லட்சம் தர வேண்டும் என்று உத்தரவு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சம பங்கு என்றால் வீட்டுக்கு 50,000 ரூபாய். அதில் ஒரு 50,000 அடிபட்டவர் வீட்டிலிருந்தே வரும். மேல்தளத்துக்காரர் தருவார், “நான் படியில்தான் ஏறுகிறேன்” என்று சொல்லும் தரைத்தளத்துக்காரரும் தர வேண்டும். பொதுச் சொத்தின் பொறுப்பு பயன்படுத்தும் அளவைப் பார்ப்பதில்லை. வைப்பு நிதி இல்லாத சங்கங்களில் அடுத்த பொதுக்குழு எப்படி நடக்கும் என்று கற்பனை செய்துகொள்ளலாம்.

திருவனந்தபுரத்தில் 2021-இல் வட்டாரப் புற்றுநோய் மையத்தில் லிஃப்ட் விபத்தில் காயமடைந்து ஒரு இளம்பெண் இறந்தபோது, கேரள அரசு குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் அறிவித்தது. அது அரசு. கஜானா இருக்கிறது. சங்கத்துக்கு இருப்பது மாதப் பராமரிப்புக் கட்டணம், அதிலும் பாக்கி.

இழப்பீட்டுக்கு உரிமையியல் நீதிமன்றம் போகலாம். 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி இரண்டாண்டுக்குள் ஆணையத்துக்கும் போகலாம். பராமரிப்பு ஒப்பந்தத்தில் அடிபட்டவரின் பெயர் இருக்க வேண்டியதில்லை. பணம் கொடுத்துச் சேவை பெற்றவர் மட்டுமல்ல, அந்தச் சேவையின் பயனை அனுபவிப்பவரும் நுகர்வோர் என்பதால் கம்பெனியையும் அவர் நேரடியாக இழுக்கலாம். சங்கமும் எதிர்தரப்பாக வரும். “நாங்களும் உறுப்பினர்கள்தானே, சேவை விற்கிறவர்கள் இல்லையே” என்று சங்கம் வாதிடும். ஜெயிக்குமா என்பது ஒவ்வொரு வழக்கின் விவரத்தைப் பொறுத்தது. அதை நம்பி இருக்க வேண்டாம்.

நிர்வாகிகளுக்கு ஒரு ஆறுதலும் ஒரு எச்சரிக்கையும். இழப்பீட்டு உத்தரவு பொதுவாகப் பதிவு பெற்ற சங்கத்தின் சொத்தின் மேல்தான் பாயும். செயலாளரின் சொந்த வீட்டின் மேல் பாயாது. குற்றவழக்கு அப்படியில்லை. அது ஆளின் பெயரில் வரும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 125-வது பிரிவு அலட்சியத்தால் பிறருக்குக் காயம் விளைவிப்பதையும், 289-வது பிரிவு இயந்திரத்தைக் கவனக்குறைவாகக் கையாள்வதையும் குற்றமாக்குகிறது. பலத்த காயம் என்றால் 125-இல் மூன்றாண்டு வரை சிறை. யாரைச் சேர்ப்பார்கள் என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் அந்தச் சீட்டும் மினிட்ஸும்தான்.

காப்பீட்டைப் பற்றி ஒரே ஒரு விஷயம், ஆனால் நிதானமாகப் படிக்க வேண்டியது. லிஃப்ட்டுக்கென்றே மூன்றாம் தரப்புப் பாலிசி இந்தியக் காப்பீட்டு நிறுவனங்களிடம் கிடைக்கிறது. பிரீமியம் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கும் முன் ஏஜென்டிடம் கேளுங்கள்: சங்கத்தின் உறுப்பினர் மூன்றாம் தரப்பா, இல்லையா? பாலிசி சங்கத்தின் பெயரில் இருந்து, உறுப்பினர்கள் எல்லோரும் “காப்பீடு பெற்றவர்” என்ற சொல்லுக்குள் வந்துவிட்டால், விருந்தினருக்கு அடிபட்டால் பணம் வரும், குடியிருப்பவருக்கு அடிபட்டால் வராது. வீட்டுவேலைக்கு வருகிறவர்கள், வாடகைக்கு இருப்பவர்கள், வாட்ச்மேன் ஆகியோரைப் பற்றியும் கேளுங்கள். வாயால் சொன்னால் போதாது. உறுப்பினருக்கும் பொருந்தும் என்று பாலிசியில் எழுத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.

விபத்து நடந்துவிட்டால் முதல் மணி நேரத்தில் செய்யும் தவறு இரண்டு. இரு மாடிக்கு நடுவே நின்ற லிஃப்ட்டிலிருந்து ஆளைக் கையைப் பிடித்து இழுத்து இறக்குவது ஒன்று. பெட்டிக்கும் தரைக்கும் இடையிலான இடைவெளி வழியாகக் கிணற்றுக்குள் விழுந்து செத்தவர்கள் உண்டு. பயிற்சி பெற்றவர் மேலிருந்து பெட்டியைச் சமன்செய்யும் வரை உள்ளே இருப்பவரோடு பேசிக்கொண்டிருப்பதே பாதுகாப்பு. உள்ளே இருந்து வெளியே பேச வழி வேண்டும் என்பதற்கு 2024 ஜூலையில் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில் நடந்ததே போதும்: சனிக்கிழமை உள்ளே சிக்கிய ஒரு நோயாளியைத் திங்கட்கிழமைதான் கண்டுபிடித்தார்கள்.

இன்னொரு தவறு, கம்பெனியின் ஆள் ஓடிவந்து அன்றைக்கே பழுதைச் சரிசெய்துவிடுவது. நல்லெண்ணம்தான், ஆனால் ஜம்பர் இருந்ததா, தொடுப்பு எரிந்திருந்ததா என்பதற்கான சாட்சி அதோடு போய்விடும். மின்சாரத்தை அணையுங்கள், கதவைப் பூட்டுங்கள், இன்ஸ்பெக்டரேட்டுக்கு எழுத்தில் தெரிவியுங்கள், ஆய்வு முடிந்து அனுமதி வரும்வரை லிஃப்ட்டை ஓட்டாதீர்கள். கண்ட்ரோல் பெட்டியையும் கதவுப் பூட்டையும் புகைப்படம் எடுத்து வையுங்கள். பழைய சர்வீஸ் சீட்டுகளை யாரும் “ஒழுங்குபடுத்த” விடாதீர்கள்.

அடுத்த பொதுக்குழுவுக்கு இம்மடல் கேட்பது மூன்றே தீர்மானங்கள். சர்வீஸ் சீட்டில் வாட்ச்மேன் கையெழுத்து செல்லாது, செயலாளரோ அவர் எழுத்தில் நியமித்தவரோதான் படித்துக் கையெழுத்திட வேண்டும். அதில் வரும் ஒவ்வொரு பழுதுக்கும் அந்த மாதக் கமிட்டிக் கூட்டத்தில் தேதியோடு முடிவு எழுத வேண்டும். பூட்டு, பிரேக், கயிறு பற்றியது என்றால் முடிவு வரும்வரை லிஃப்ட் நிற்க வேண்டும். உரிமம், பாலிசி இரண்டின் புதுப்பிப்புத் தேதியும் நோட்டீஸ் போர்டில் இருக்க வேண்டும். தீர்மானத்துக்காகக் காத்திருக்காமல் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்றுண்டு: கேட்டுக்குப் போய், வாட்ச்மேனின் இழுப்பறையைத் திறந்து, கடைசி ஆறு சீட்டுகளை எடுத்துப் படியுங்கள்.